ஓடு சொன்ன வயது, மண் சொன்ன வயது

பூநகரிப் பக்கம் மாரி மழை பெய்து ஓய்ந்தால், கழுவுண்ட மணலில் உடைந்த சட்டி ஓடுகள் மேலே வந்து கிடக்கும். அவற்றில் சில ஓடுகளுக்கு உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரண்டு நிறமும் பூசியவை அல்ல, ஒரே களிமண்ணில் நெருப்பு செய்த வேலை. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சுடும்போது போதிய ஒட்சிசன் கிடைத்த பக்கம் சிவக்கும். காற்றுப் படாத பக்கம் கறுக்கும். சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருப்பார்கள் என்றும், அதனால்தான் உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுத்தன என்றும் சொல்வார்கள். இதற்குப் பெயர் கறுப்பு சிவப்பு மட்பாண்டம். பூநகரி, மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் என்று கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையோரம் கிடைத்த தொல்பொருள்களைப் பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

அப்படி ஓர் ஓட்டை ஒரு மாணவி வகுப்புக்குக் கொண்டுபோகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"சேர், இது எத்தினை வருசப் பழசு?"

"ஒரு ரெண்டாயிரத்து முந்நூறு வருசம் இருக்கும் பிள்ளை."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"இந்தக் கறுப்பு சிவப்புச் சட்டியைப் பாவிச்ச சனம் அந்தக் காலத்திலதானே இஞ்ச இருந்தவை."

"அந்தச் சனம் அந்தக் காலத்தில இருந்தவை எண்டு எப்பிடித் தெரியும் சேர்?"

"அவையின்ர ஓடு கிடைக்குதே! அந்த ஓடு ரெண்டாயிரத்து முந்நூறு வருசப் பழசெல்லோ."

வகுப்பே தலையாட்டும். பதில் மூன்று தடவை வந்துவிட்டது, ஒவ்வொரு பதிலும் கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை மட்டும் கேட்ட இடத்திலேயே நிற்கிறாள். ஓட்டின் வயதுக்குச் சாட்சி சனத்தின் காலம். சனத்தின் காலத்துக்குச் சாட்சி ஓட்டின் வயது. மணலில் "ஓடு" என்று ஓரிடத்திலும் "சனம்" என்று இன்னோரிடத்திலும் எழுதி, எது எதற்குச் சாட்சி என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். இரண்டு அம்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து ஓர் அம்பும் உள்ளே வராது.

ஒரு முடிவைச் சொல்லும்போது அதற்கு ஆதாரமாக நாம் வைக்கும் கூற்றுகளை எடுகூற்றுகள் என்போம். நிறுவ வேண்டிய முடிவே எடுகூற்றுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், அது வட்டத் தருக்கம். பழைய தருக்க நூல்களில் இதற்கு வகைவகையாகப் பெயர் உண்டு. இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அன்னியோன்னியாச்சிரயம் என்றார்கள். மூன்று நான்கு படி சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தால் சக்கரகம். சுற்று நீளமானால் கண்டுபிடிப்பதும் கடினம். ஆசிரியரும் மாணவியும் பேசியதில் இரண்டே படிகள், அதனால் உடனே பிடிபட்டது.

இதைவிடக் கள்ளமான இன்னொரு வகை இருக்கிறது. அதில் சுற்றே தெரியாது. நியாயசூத்திரம் என்ற தருக்க நூலுக்கு வாற்சியாயனர் எழுதிய பழைய உரையில் வரும் உதாரணம் இது: "நிழல் ஒரு பொருள். ஏனென்றால் அது நகர்கிறது." கேட்டவுடன் சரிதானே என்று தோன்றும். நாம் நடந்தால் நிழலும் கூடவே வருகிறது. ஆனால் வெயிலில் நின்று யோசியுங்கள். நகர்வது நீங்கள். நீங்கள் நகர நகர, வெளிச்சம் மறைக்கப்படும் இடம் மாறுகிறது. ஓரிடத்தில் வெளிச்சம் இல்லாமற் போகிறது, பிறகு அடுத்த இடத்தில் இல்லாமற் போகிறது. இவற்றுக்கிடையே எதுவும் பயணம் செய்யவில்லை. "நகர்கிறது" என்று சொன்ன கணமே, நகரக்கூடிய ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டாயிற்று. நிறுவ வேண்டியதும் அதுதானே! நிழல் பொருளல்ல என்பவர் அது நகர்கிறது என்பதையும் ஒப்பமாட்டார். ஆகவே அந்தக் காரணமும், முடிவைப் போலவே, இன்னும் நிறுவப்படாமல் நிற்கிறது. இதற்குச் சாத்தியசமம் என்று பெயர் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட பிழையை யோசிக்கத் தெரியாதவர்கள்தான் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். தென்னாசியத் தொல்லியலில் மிகப் பெரிய பெயர்களில் ஒருவருக்கே இது நேர்ந்தது. நிழல் உதாரணத்தைப் போலவே, அங்கும் முடிவு ஒரு சின்னச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது.

அவர் பெயர் மோர்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக 1944இல் வந்தவர். அப்போது தென்னிந்தியாவில் எங்கு தோண்டினாலும் பானை ஓடு வரும். ஆனால் அது எந்த நூற்றாண்டு என்று சொல்ல வழியில்லை. ஆண்டு எழுதிய பானை எங்கும் கிடையாது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்ற ஊரில் ஆற்றங்கரையில் கிடைத்த ஓடுகளைப் பார்த்தபோது அவருக்கு வழி பிறந்தது. அவற்றில் அம்போரா எனப்படும் றோமானியச் சாடிகளின் உடைவுகளும், இத்தாலியில் அரெற்சோ என்ற ஊரில் செய்த மினுமினுப்பான சிவப்புக் கோப்பைத் துண்டுகளும் இருந்தன. அந்தச் சிவப்புக் கோப்பைக்கு அரிற்றைன் என்று பெயர். செய்த குயவனின் முத்திரை சிலவற்றின் அடியில் குத்தியிருக்கும்.

அரிற்றைன் கோப்பையின் காலம் எப்படித் தெரியும்? இங்கேதான் வீலரின் கெட்டித்தனத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தை அவர் அரிக்கமேட்டிலிருந்து எடுக்கவில்லை. ஜேர்மனியில் றோமானியப் படைகள் தங்கிய முகாம்கள் சில, எந்த ஆண்டளவில் கைவிடப்பட்டன என்பது எழுதப்பட்ட வரலாற்றோடு பொருத்திப் பார்த்து அறியப்பட்டிருக்கிறது. கி.பி. 9இல் அங்கே ஒரு பெரும் தோல்வி, அதற்குப் பிறகு றோமானியர் பின்வாங்கினார்கள். அத்தகைய முகாம்களின் குப்பையில் அரிற்றைன் கோப்பைத் துண்டுகள் கிடக்கின்றன. ஆகவே அந்தக் கோப்பை கிறிஸ்துவுக்குச் சற்று முன்னும் பின்னுமான சில பத்து ஆண்டுகளுக்குரியது என்று அரிக்கமேட்டைக் கண்ணாலும் பார்க்காதவர்களே சொல்லிவைத்திருந்தார்கள். நம் மணல் படத்தில் வெளியிலிருந்து உள்ளே வரும் அம்பு இதுதான். 1945இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். அரிற்றைன் கிடந்த மண்படைக்கு கி.பி. முதலாம் நூற்றாண்டு என்று நாள் குறித்தார். அதுவரை எல்லாம் சரி.

அரிக்கமேட்டின் மண்படைகளில் இன்னொரு வகை ஓடும் ஏராளமாக வந்தது. மெல்லிய சாம்பல் நிறத் தட்டு, விளிம்பு உள்ளே வளைந்தது. தட்டின் நடுவில் புள்ளிபுள்ளியாகக் குத்திய வட்ட வரிசைகள். இதை றூலெற்றட் மட்பாண்டம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கந்தரோடையிலும் இது கிடைத்திருக்கிறது. இப்படிப் புள்ளி குத்தும் வேலைப்பாடு மத்தியதரைக் கடல் நாடுகளில் பழக்கமானது, இந்தியாவில் முன்னர் கண்டதில்லை. ஆகவே இதுவும் அங்கிருந்து வந்தது, அல்லது அங்கிருந்து வந்ததைப் பார்த்துச் செய்தது என்று வீலர் கருதினார்.

அந்தக் கருத்துக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். "றோமானியரைப் பார்த்துச் செய்த தட்டு" என்று சொன்னால், றோமானிய வணிகம் வந்த பிறகுதான் அந்தத் தட்டு இருக்க முடியும். அதாவது முதலாம் நூற்றாண்டுக்கு முன் இருக்க முடியாது. தட்டின் காலத்தைத் தேடுவதாகத்தான் பேச்சு. ஆனால் தட்டுக்கு வைத்த விவரணத்திலேயே காலம் எழுதியாயிற்று. "நகர்கிற நிழல்" போலத்தான் இதுவும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1947இல் கர்நாடகத்தில் பிரம்மகிரி என்ற இடத்தை வீலர் தோண்டினார். அங்கே அரிற்றைன் இல்லை, றூலெற்றட் ஓடு மட்டும் இருந்தது. ஆகவே அந்தப் படை முதலாம் நூற்றாண்டு என்றார். அதன் கீழே கற்களை அடுக்கிப் பிணம் புதைத்த மக்களின் படை. மேலேயுள்ள படையின் காலம் "தெரிந்துவிட்டதால்", கீழேயுள்ளது ஏறத்தாழ கி.மு. 200இல் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டார். அந்த மக்கள் பாவித்தது நம் கறுப்பு சிவப்புச் சட்டி. இனி எங்கே றூலெற்றட் ஓடு கிடைத்தாலும் அந்த இடம் றோமோடு வணிகம் செய்த இடமாகிவிடும். "றூலெற்றட் றோமானியத் தொடர்புடையது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "றோமோடு வணிகம் செய்த இடங்களில்தானே அது கிடைக்கிறது" என்பார்கள். ஓர் இடத்தில் சிறிதாய்த் தொடங்கிய சுற்று, தென்னிந்தியா முழுவதையும் வளைத்துக்கொண்டது.

வீலர் சொன்னது எல்லாமே பொய்யாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வட்டத் தருக்கத்தால் வந்த முடிவு உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்தத் தருக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். அரிக்கமேட்டுக்கு றோமானியச் சரக்கு வந்தது உண்மை. முதலாம் நூற்றாண்டில் றூலெற்றட் தட்டில் ஆட்கள் சாப்பிட்டதும் உண்மை. தட்டு அப்போதுதான் பிறந்தது என்பது மட்டும் ஆதாரமில்லாமல் உள்ளே வந்தது.

அதைப் பிடித்தவர் விமலா பெக்லி. கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் நடத்திய அகழ்வில் வேலை செய்தவர். 1983இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் அரிக்கமேட்டைப் பற்றி வெளியான சான்றுகளையே திரும்ப வாசித்தார். புதிதாகத் தோண்டவில்லை. எந்தப் படையில் எது கிடந்தது என்பதை மட்டும் கவனித்து, "றோமானியரைப் பார்த்துச் செய்தது" என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்தார். றூலெற்றட் தட்டு அரிற்றைன் கோப்பை வருவதற்கு முன்பே பாவனைக்கு வந்துவிட்டது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காவது கொண்டுபோக வேண்டும் என்பது அவர் முடிவு. பிறகு 1989 முதல் 1992 வரை அவரே அரிக்கமேட்டை மறுபடி தோண்டவும் செய்தார். 1997இல் புனே தக்காணக் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே, றூலெற்றட் ஓடுகளைப் பொடியாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி, களிமண்ணில் என்னென்ன கனிமம் என்று பார்த்தார்.  அந்தக் களிமண் வங்காளத்தில் கங்கை கடலில் சேரும் பகுதி மண்ணோடு பொருந்தியது. கனிமத்துக்கு வீலரையும் தெரியாது, பெக்லியையும் தெரியாது. யார் பொடியாக்கினாலும் அது அதேதான் சொல்லும்.

இதற்கிடையில் நாள் குறிக்கவே ஒரு புது வழி வந்திருந்தது. வீலர் அரிக்கமேட்டைத் தோண்டிய காலத்தில் அது உலகில் எங்குமே இல்லை. 1940களின் கடைசியில்தான் அமெரிக்காவில் வில்லார்ட் லிபி என்பவர் அதைக் கண்டறிந்தார். உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து காபனை எடுக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு காபன்-14. மரம் செத்தபின் புதிதாக எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் காபன்-14 மட்டும் மெல்ல மெல்லச் சிதைந்து குறைகிறது. 5730 ஆண்டுகளில் பாதியாகும். 2300 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய விறகின் கரியில் ஏறத்தாழ முக்கால் பங்கு எஞ்சியிருக்கும். ஆய்வுகூடத்தில் அளப்பவருக்குக் கரித்துண்டு மட்டும் போதும். அதோடு என்ன சட்டி கிடந்தது என்று அவருக்குச் சொல்லவே தேவையில்லை. சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது!

யாழ்தேவியில் ஏறி வவுனியா தாண்டிப் போனால் அநுராதபுரம். அங்கே பழைய நகரின் அடி மண்படைகளை 1969 முதல் சிரான் தெரணியகல தோண்டினார். ஓடுகளோடு கிடந்த கரியை அளந்தபோது, இரும்பும் கறுப்பு சிவப்பு மட்பாண்டமும் அங்கே கி.மு. 900 அளவிலேயே வந்துவிட்டன என்று தெரிந்தது. கர்நாடகத்தில் ஹல்லூர் என்ற இடத்திலும் கரி கி.மு. 1000ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. பிரம்மகிரிக் கணக்கு சொன்ன கி.மு. 200 எங்கே, இது எங்கே! பல நூற்றாண்டுகள் அந்தச் சுற்றுக்குள் காணாமற் போயிருந்தன.

இனிமேல் நமது ஆசிரியர் கறுப்பு சிவப்பு ஓட்டைப் பார்த்துக் காலம் சொன்னால் அது வட்டத் தருக்கமா? இல்லை. பல இடங்களில் கரியை வைத்து அந்த வகை ஓட்டின் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்து புது இடத்தில் கிடைத்த ஓட்டை மதிப்பிடலாம். அம்பு ஒரே திசையில், கரியிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து புது இடத்துக்கும் போகிறது. ஆனால் அவர் "ரெண்டாயிரத்து முந்நூறு" என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்லக் கூடாது. பல நூறு ஆண்டுகள் பாவனையில் இருந்த சட்டி வகை அது. "கிறிஸ்துவுக்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளுக்குள், அல்லது கொஞ்சம் பிந்தி" என்றால் சரி. மாணவிக்கு அது சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

கரி வந்துவிட்டது, இனிச் சுற்று வராது என்று நினைத்தால் அதுவும் இல்லை. அது பின்கதவால் வரும். ஒரு குழியில் பத்துக் கரித்துண்டுகள் எடுத்து அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். எட்டின் வயது எதிர்பார்த்தபடி வருகிறது. இரண்டு மட்டும் மிக இளையதாக வருகின்றன. "அந்த இரண்டும் பழுதான மாதிரிகள், எலி வளையால் மேலிருந்து விழுந்திருக்கும்" என்று சொல்லித் தூக்கி எறிகிறார்கள். எலி வளை என்று எப்படித் தெரியும்? "வயது பிழையாக வந்ததே!" பிழை என்று எப்படித் தெரியும்? "இந்தப் படை அவ்வளவு இளையது இல்லையே!" பார்த்தீர்களா, மறுபடியும் அதே மாதிரி இரண்டு அம்பு. எலி வளை உண்மையில் இருந்திருக்கலாம், வன்னி மண்ணில் எலிக்குப் பஞ்சமா? ஆனால் அதற்குச் சாட்சி மண்ணில் இருக்க வேண்டும். வளை இருந்த இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறியிருக்கும். தோண்டியவர் அதை அன்றைக்கே, ஆய்வுகூடத்திலிருந்து பதில் வருவதற்கு முன்பே, குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்தால் அந்தத் துண்டை விலக்கலாம். பதில் வந்தபிறகு தேடிப் பிடித்த எலி வளையை நான் நம்பமாட்டேன்.

இப்படிப்பட்ட சுற்றைப் பிடிக்கும் உபாயம் ஒன்று சொல்கிறேன். யாராவது ஒரு முடிவுக்குக் காரணம் சொன்னால், அந்த முடிவு பொய் என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்தக் காரணத்தை அவர் அறிந்திருக்க வழி உண்டா என்று பாருங்கள். றூலெற்றட் தட்டு முதலாம் நூற்றாண்டுக்கு முந்தியது என்று வைத்தால், "றோமானியரைப் பார்த்துச் செய்தது" என்று சொல்லும் வழி அடைபட்டுவிடும். அப்படியானால் அந்தக் காரணம் முடிவின் தோளில் ஏறி நிற்கிறது. ஜேர்மன் முகாமின் குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிக்கமேடு எந்தக் காலத்தது என்றாலும் அந்தக் குப்பை அங்கேயே, அப்படியே கிடக்கும்.

கிளிநொச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண்படை குழம்பாமல் இருந்தால்தான் "இந்த ஓடும் இந்தக் கரியும் ஒரே காலம்" என்று சொல்லலாம். இங்கே குளக்கட்டுக்கும் வீதிக்கும் வேறிடத்திலிருந்து மண் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். போர்க்காலத்தில் அகழி வெட்டி, பங்கர் வெட்டி, பிறகு மூடினார்கள். இரணைமடுக் கட்டில் ஒரு பழைய ஓடு கிடைத்தால் அது கட்டின் வயதைச் சொல்லாது, மண் எங்கிருந்து வந்தது என்பதைக்கூட உறுதியாகச் சொல்லாது. மணல் மேலே கிடந்த ஓட்டுக்கும் படை கிடையாது. அதைப் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டால், எந்த இடத்தில் கிடந்தது என்ற ஒரே தகவலும் போய்விடும். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. பூநகரியில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் வைத்திருந்த கோட்டை ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனி வெளியிட்ட செப்புக் காசுகளில் ஆண்டு அச்சடித்திருக்கும். ஒரு கற்பனைக் குழியில் 1744 என்று அச்சடித்த காசு ஒன்றும், அதற்கு ஒரு முழம் மேலே கறுப்பு சிவப்பு ஓடு ஒன்றும் கிடைக்கின்றன. மூன்று பேர் பேசுகிறார்கள்.

முதலாமவர்: "காசு 1744. ஆகவே காசு கிடந்த படை சரியாக 1744இல் உண்டானது."

இரண்டாமவர்: "மேலே இருப்பது ரெண்டாயிரம் வருச ஓடு. அதற்குக் கீழே ஒல்லாந்தக் காசு வராது. ஆகவே காசு ஏதோ பொந்தால் விழுந்தது. ஆகவே படைகள் குழம்பவில்லை, ஓடு தன் இடத்தில்தான் கிடக்கிறது."

மூன்றாமவர்: "காசைச் சுற்றியுள்ள மண் வேறு நிறமா என்று பார்த்தீர்களா? இல்லையென்றால், 1744க்குப் பிறகு யாரோ வேறிடத்து மண்ணை இங்கே கொட்டியிருக்கிறார்கள், ஓடு அந்த மண்ணோடு வந்தது."

ஒருவர் தேவைக்கு அதிகமாகச் சொல்லிவிட்டார், ஆனால் சுற்றவில்லை. ஒருவர் சுற்றுகிறார். யார் யார் என்று அம்பு போட்டுக் கண்டுபிடியுங்கள். சுற்றுபவர் எந்தச் சொல்லில் முடிவை உள்ளே விட்டார் என்பதையும் அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.